ஒப்ஷன் என்றால் சூதா? அம்மாவும் அப்பாவும் கேட்ட கேள்விகள்

திருகோணமலையில் கம்பஸில் நிதி முகாமைத்துவம் படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ஒப்ஷன் ஒரு பாடம். புத்தகம் மேசையில் திறந்து கிடந்ததை அம்மா பார்த்துவிட்டார். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் போனில் 'ஒப்ஷன்' விளையாடி நகையை அடகு வைத்த கதை அவருக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தது வேறு கதை. 2008இல் பத்திரிகைகளில் மாதக்கணக்காக அடிபட்ட 'ஹெட்ஜிங்', அதாவது எண்ணெய் விலை ஆபத்திலிருந்து காத்துக்கொள்ளச் செய்த ஒப்பந்தங்களின் விவகாரம், அவருக்கு இன்னும் மறக்கவில்லை. இருவரும் மாறி மாறிக் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதுகிறேன். கணக்கு வரும் இடங்களில் பேச்சில் விட்டதைக் கொஞ்சம் நிரப்பியிருக்கிறேன்.

அம்மா: விலை ஏறுமா இறங்குமா என்று காசு கட்டுவதுதானே மகள்? அதற்குப் பெயர் சூதுதானே?

காசு கட்டுவது சரி அம்மா. எதற்காகக் கட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒப்ஷன் ஓர் ஒப்பந்தம். இன்ன பொருளை, இன்ன விலைக்கு, இன்ன திகதிக்குள் வாங்கும் உரிமையை ஒருவர் இன்னொருவரிடம் காசு கொடுத்து எடுக்கிறார். அந்தக் காசுக்குப் பெயர் பிரீமியம். உரிமைதானே தவிர, வாங்கியே ஆக வேண்டும் என்ற கடமை கிடையாது. விலை நமக்கு வசதியாக இருந்தால் உரிமையைப் பயன்படுத்தலாம், இல்லாவிட்டால் பேசாமல் விட்டுவிடலாம். போவது பிரீமியம் மட்டும். வாங்கும் உரிமையைக் கோல் ஒப்ஷன் என்பார்கள். விற்கும் உரிமைக்குப் புட் ஒப்ஷன் என்று பெயர்.

நிலாவெளியில் காணி வாங்குபவர் அட்வான்ஸ் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் பேசிய விலைக்கு எழுதித் தர வேண்டும், வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் போய்விடும் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த மூன்று மாதத்தில் ஏற்பாட்டின்படி அவர் கையில் இருப்பது கோல் ஒப்ஷன்தான். அட்வான்ஸ் கொடுத்தவரைச் சூதாடி என்று நாங்கள் சொல்வதில்லை. பாங்கில் கடன் கிடைக்கும்வரை விலை ஏறாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார், அதற்கு ஒரு தொகை கொடுக்கிறார்.

சூதில் ஆபத்து மேசையில் பிறக்கிறது. லொத்தர் வாங்காதவருக்கு அந்தச் சீட்டால் எந்த ஆபத்தும் இல்லை, வாங்கிய நிமிடத்தில்தான் அது வருகிறது. அப்பாவுக்கு எண்ணெய் விலையால் வரும் ஆபத்து அப்படியல்ல. ஒப்பந்தம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் படகு கடலுக்குப் போக மண்ணெண்ணெய் வேண்டும். விலை ஏறினால் அடி விழத்தான் செய்யும். ஏற்கெனவே உள்ள அந்த ஆபத்தை, காசு கொடுத்து வேறொருவர் தலையில் ஏற்றுவதற்காக உருவானதுதான் ஒப்ஷன்.

அப்பா: ஏற்றுவது என்றால்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டு.

சீனக்குடாவில் தெரிகிற எண்ணெய்த் தாங்கிகளை வைத்தே போடலாம். வெள்ளைக்காரன் கட்டிய தாங்கிகள், 99 என்று கணக்கு. ஒன்று சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். அதாவது ஏறக்குறைய 75,000 பீப்பாய்.

எண்ணெய் விலை ஏறும் என்று பயப்படுகிற நாட்டுக்கு முதலில் தோன்றும் வழி, இப்போதே வாங்கித் தாங்கியில் நிரப்பி வைப்பதுதான். நல்ல வழிதான், ஆனால் காசு முழுக்க இன்றைக்கே வேண்டும். பீப்பாய் 130 டொலர் என்றால் ஒரு தாங்கியை நிரப்ப ஏறக்குறைய 98 இலட்சம் டொலர் போகும். அப்புறம் விலை சரிந்தால், அதிக விலைக்கு வாங்கிய எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி ஒப்ஷன் வழி. மூன்று மாதம் கழித்து ஒரு இலட்சம் பீப்பாய் வாங்கப் போகிறோம், இன்றைய விலை 130 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 140 டொலருக்கு வாங்கும் உரிமையை ஒரு வங்கி பீப்பாய்க்கு 8 டொலர் பிரீமியத்துக்கு விற்கிறது. இந்த இலக்கங்கள் கணக்குக்காக நான் எடுத்தவை. மொத்தப் பிரீமியம் 8 இலட்சம் டொலர்.

மூன்று மாதத்தில் விலை 170 ஆகிவிட்டால், சந்தையில் எண்ணெயை 170க்கு வாங்குவோம். 140க்கு வாங்கும் உரிமை கையில் இருப்பதால் மேலே உள்ள 30 டொலரை வங்கி தரும். பிரீமியத்தையும் சேர்த்தால் ஒரு பீப்பாய் நமக்கு 148 டொலர். விலை 200, 250 என்று போனாலும் அந்த 148 மாறாது.

விலை 90க்கு இறங்கினால் உரிமைக் கடதாசி வெறும் கடதாசி. 140க்கு வாங்க யாருக்குப் பைத்தியம்? சந்தையில் 90க்கு வாங்குவோம். பிரீமியத்தோடு 98 டொலர். அதாவது விலை இறங்கியதன் நன்மை, 8 டொலர் கழித்து, நமக்கே கிடைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒப்ஷன் 'தோற்ற' மாதத்தில்தான் நாடு நிம்மதியாக இருக்கிறது, ஏனென்றால் எண்ணெய் மலிந்துவிட்டது. ஒப்ஷன் 'வென்ற' மாதத்தில் எண்ணெய்ச் செலவு கூடியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒப்ஷனைத் தனியாக எடுத்து 'வென்றதா, தோற்றதா' என்று கேட்டால் அது சூதாகத்தான் தெரியும்.

அம்மா: சரி. அந்த வங்கி என்ன செய்கிறது? நாங்கள் ஏற்றிய ஆபத்தை அது வைத்துச் சூதாடுகிறதா?

நல்லாக நடத்துகிற வங்கி அப்படிச் செய்யாது. நமக்கு உரிமையை விற்ற அன்றே, அந்த எண்ணெயில் ஒரு பங்கைச் சந்தையில் தானும் வாங்கிக்கொள்ளும். விலை ஏற ஏற இன்னும் கொஞ்சம் வாங்கும், இறங்க இறங்க விற்கும். கடைசியில் நமக்குக் கொடுக்க வேண்டிய தொகை வந்தால், அதில் பெரும் பகுதி இந்த வாங்கல் விற்றலிலேயே வந்திருக்கும். ஏறும்போது வாங்கி இறங்கும்போது விற்பதால் ஒவ்வொரு தடவையும் சிறு நட்டம் விழும். அந்த நட்டத்தை ஈடுசெய்வதுதான் பிரீமியத்தின் வேலை. விலை அதிகம் ஆடுகிற காலத்தில் பிரீமியம் கூடுவதும், முடிவுத் திகதி தூரமாக இருந்தால் கூடுவதும் இதனால்தான்.

இந்தக் கணக்கை 1973இல் பிளாக், ஷோல்ஸ் என்ற இருவர் சூத்திரமாக எழுதினார்கள். மேர்ட்டன் என்பவரும் அதே காலத்தில் அதை வளர்த்தார். ஷோல்ஸுக்கும் மேர்ட்டனுக்கும் 1997இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. பிளாக் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அதே 1973 ஏப்ரலில்தான் சிக்காகோவில் ஒப்ஷனுக்கென்று தனிச் சந்தை திறந்தது. தொடங்கியபோது 16 கம்பனிப் பங்குகளுக்கான கோல் ஒப்ஷன் மட்டும்தான் இருந்தது. சூத்திரம் பூரணமானது இல்லை. சந்தை திடீரென்று பாய்ந்தால் வங்கிக்குப் பொருளை வாங்க நேரம் கிடைக்காது. ஆனாலும் குத்துமதிப்பாகச் சொல்லும் விலைக்கும், இன்ன காரணத்தால் இன்ன செலவு என்று வரும் விலைக்கும் வித்தியாசம் உண்டுதானே.

அப்பா: எல்லாம் சரி பிள்ளை. பிறகு ஏன் 2008இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அப்படி அடிபட்டது? அதுவும் இந்த ஹெட்ஜிங்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதை எழுதவே தொடங்கினேன். அப்பாவின் சந்தேகம் முழுக்க நியாயமானது.

அந்த ஆண்டு மசகு எண்ணெய் விலை ஜூலையில் பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. டிசம்பரில் 40 டொலருக்கும் கீழே விழுந்தது. ஆறு மாதத்துக்குள் அப்படி ஒரு சரிவு. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், விலை இன்னும் ஏறிவிடும் என்ற பயத்தில் பல வங்கிகளோடு ஒப்பந்தம் செய்திருந்தது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், சிட்டி வங்கி, டொய்ச்சே வங்கி எல்லாம் அதில் இருந்தன.

நான் மேலே சொன்ன மாதிரி பிரீமியம் கொடுத்துக் கோல் ஒப்ஷன் மட்டும் வாங்கியிருந்தால், விலை சரிந்தபோது போயிருக்கக்கூடியது அந்தப் பிரீமியம்தான். கூட்டுத்தாபனம் செய்தது அதுவல்ல. முன்பணம் எதுவும் கொடுக்காத ஒப்பந்தம் அது. ஆனால் வங்கி பாதுகாப்பைச் சும்மா தருமா? பிரீமியத்துக்குப் பதிலாகக் கூட்டுத்தாபனம் வங்கிக்கு ஒரு புட் ஒப்ஷனை விற்றது. அதாவது விலை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால், வித்தியாசத்தை நாங்கள் வங்கிக்குக் கட்டுவோம் என்று எழுதிக் கொடுத்தது. ஒரு பக்கம் உரிமையை வாங்கி, மறு பக்கம் உரிமையை விற்றது.

விற்றவருக்கு உரிமை கிடையாது. அவருக்கு இருப்பது கடமை மட்டும்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. டொய்ச்சே வங்கி ஒப்பந்தத்தில் வங்கி கூட்டுத்தாபனத்துக்குத் தர வேண்டிய மொத்தத் தொகைக்கு 25 இலட்சம் டொலர் என்று உச்ச வரம்பு வைத்திருந்தார்கள். அந்தத் தொகையைக் கொடுத்து முடித்தவுடன் பாதுகாப்பும் முடிந்துவிடும். கூட்டுத்தாபனம் வங்கிக்குக் கட்ட வேண்டியதற்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.

இதே வடிவத்தில் உருட்டிய இலக்கங்களோடு பார்ப்போம். மாதம் ஒரு இலட்சம் பீப்பாய், ஒரு வருடத்துக்கு, நடு விலை 110 டொலர்: அதற்கு மேலே போனால் வங்கி தரும், கீழே போனால் நாம் கட்டுவோம். ஒரு மாதம் விலை 135 ஆனால் வங்கி 25 டொலர் வீதம் 25 இலட்சம் டொலர் தர வேண்டும். வரம்பு அந்த ஒரே மாதத்தில் தீர்ந்தது. மிச்சம் பதினொரு மாதமும் விலை 200க்குப் போனாலும் பாதுகாப்பு இல்லை. மறுபக்கம், விலை 40 ஆனால் நாம் பீப்பாய்க்கு 70 டொலர் கட்ட வேண்டும். ஒரு மாதத்துக்கு 70 இலட்சம் டொலர். ஆறு மாதம் அப்படியே இருந்தால் 4 கோடி 20 இலட்சம்.

வரக்கூடிய ஆகக் கூடிய தொகை 25 இலட்சம், போகக்கூடிய தொகை கோடிக்கணக்கில். இந்த இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே போதும்.

அப்பா: ஆனால் எண்ணெய் மலிவாக வந்ததுதானே? அதில் மிச்சம் பிடித்திருப்பார்களே?

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அப்பா. எங்கள் வகுப்பிலும் பலர் இந்த இடத்தைத் தவற விடுகிறார்கள்.

ஆமாம், கூட்டுத்தாபனம் எண்ணெயை 40க்கு வாங்கும். வங்கிக்கு 70 கட்டும். சேர்த்தால் 110. அந்தப் பீப்பாய்களுக்கு விலை 110இல் பூட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம். ஒப்பந்தத்தில் உள்ள அளவும் உண்மையில் இறக்குமதி செய்யும் அளவும் பொருந்தினால், இந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து அதைச் சூது என்று சொல்ல முடியாது. விலையைப் பூட்டுவது உலகம் முழுக்க நடக்கும் வியாபாரம். விமான சேவைகள் எண்ணெய்க்குச் செய்கின்றன, விவசாயிகள் தானியத்துக்குச் செய்கிறார்கள்.

குறை வேறு இடத்தில் இருந்தது. கீழே போனால் கடைசிவரை பூட்டு, மேலே போனால் மொத்தமாக 25 இலட்சம் டொலர் தீரும்வரை மட்டும் பூட்டு. எந்தப் பக்கம் பயமாக இருந்ததோ அந்தப் பக்கத்தில்தான் பாதுகாப்பு மெல்லியதாக இருந்தது. அப்புறம், வங்கிக்குக் கட்ட வேண்டியது உடனே, டொலரில். மலிவு எண்ணெயால் வரும் மிச்சமோ ரூபாயில், பெற்றோல் நிலையத்தில் லீற்றர் லீற்றராக வருகிறது. உலக விலை 40 என்று பத்திரிகையில் வந்த பிறகு, உள்ளூரில் 110 டொலர்க் கணக்குக்கு எரிபொருள் விற்க எந்த அரசாங்கத்துக்கும் சங்கடம்தான்.

2008 நவம்பரில் உயர் நீதிமன்றம் வங்கிகளுக்குக் காசு கட்டுவதை இடைநிறுத்தி உத்தரவிட்டது. பிறகு வழக்கு நாட்டை விட்டுப் போனது. லண்டனில் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் போட்ட வழக்கில், இவை ஊக வியாபாரம், எங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை என்று கூட்டுத்தாபனத் தரப்பு வாதாடியது. நீங்கள் கேட்கிற அதே கேள்விதான் அங்கேயும் வந்தது. 2011இல் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஏறக்குறைய 16 கோடி டொலர் கட்டச் சொன்னது. டொய்ச்சே வங்கிக்கு 2012இல் நடுவர் மன்றம் ஏறக்குறைய 6 கோடி டொலர் என்று தீர்த்தது. சிட்டி வங்கியின் வழக்கில் மட்டும் தீர்ப்பு கூட்டுத்தாபனத்தின் பக்கம் வந்தது.

அம்மா: அப்படி ஒரு பக்கச் சார்பான கடதாசியில் ஏன் கையெழுத்து வைக்கிறார்கள்?

அந்த அதிகாரிகளின் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பிரீமியமாக 8 இலட்சம் டொலர் கொடுத்து, விலை ஏறாமல் போனால், கணக்காய்வில் 'ஏன் இவ்வளவு காசை வீணாக்கினாய்?' என்று கேட்பார்கள். முன்பணம் எதுவுமே கொடுக்காத ஒப்பந்தத்தில் அன்றைக்கு அந்தக் கேள்வி வராது. செலவு கண்ணுக்குத் தெரியாததால் செலவே இல்லை என்று ஆகிவிடுகிறது. அந்த ஆண்டு விலை தலைகீழாக ஆடிக்கொண்டிருந்ததால் பிரீமியமும் அதிகமாக இருக்கும் காலம். இலவசம் என்பது அப்போது இன்னும் கவர்ச்சியாக இருக்கும்.

என் அபிப்பிராயம் இது: 'முன்பணம் இல்லை' என்று யாராவது பாதுகாப்பு விற்றால், நாம் பதிலுக்கு எதை விற்கிறோம் என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி, விலை பாதியாகச் சரிந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரே ஒரு வரி கணக்குப் போட வேண்டும். அதற்குச் சூத்திரம் தேவையில்லை, கழித்தலும் பெருக்கலும் போதும்.

அம்மா: பக்கத்து வீட்டு ஆள் போனில் விளையாடியதும் இதுதானா?

இல்லை அம்மா. பெயர் மட்டும்தான் ஒன்று. அவர் விளையாடியது பைனரி ஒப்ஷன். ஒரு நிமிடத்தில் டொலர் ஏறுமா இறங்குமா என்று பொத்தானை அமுக்க வேண்டும். சரியென்றால் கட்டிய காசில் 85 வீதம் இலாபம், பிழையென்றால் கட்டியது முழுக்கப் போகும்.

அதையும் கணக்குப் போடலாம். தடவைக்கு ஆயிரம் ரூபா, நூறு தடவை, பாதி வெற்றி பாதி தோல்வி. வெற்றியில் வந்தது 42,500 ரூபா. தோல்வியில் போனது 50,000 ரூபா. விலையைச் சரியாகப் பாதித் தடவை கண்டுபிடித்தாலும் 7,500 ரூபா நட்டம். அந்தக் காசு அநேகமாகப் போவது எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நிறுவனத்துக்கே. ஒரு நிமிடத்துக்கு டொலர் ஏறினால் பாதிக்கப்படுகிற தொழில் எதுவும் அவருக்கு இல்லை, ஆகவே அவர் எந்த ஆபத்தையும் யார் தலையிலும் ஏற்றவில்லை. இதைச் சூது என்றே நான் சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடுத்தது. பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் பின்னர் தடுத்தன.

அப்பா: ஒழுங்கான சந்தையில் ஒழுங்கான ஒப்ஷன் வாங்கினால் இலாபம் வருமா?

தொழில் ஆபத்து ஒன்றும் இல்லாமல் இலாபத்துக்காக மட்டும் வாங்கினால், அநேகமாக வராது. இந்தியாவில் ஒழுங்கான சந்தை இருக்கிறது, கண்காணிப்பு இருக்கிறது. அங்கே சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதற்கு முந்திய மூன்று நிதியாண்டுகளில் இந்த வகைச் சந்தையில் இறங்கிய தனி ஆட்களில் 93 வீதம் பேர் நட்டப்பட்டிருக்கிறார்கள்.

காரணம் மர்மமானது இல்லை. ஒப்ஷனுக்கு முடிவுத் திகதி உண்டு. ஒவ்வொரு நாளும் கழியக் கழிய, விலை அசையாவிட்டாலும், கையில் உள்ள ஒப்ஷனின் பெறுமதி தேய்ந்துகொண்டே போகும். ஆகவே 'ஏறும்' என்று சரியாகச் சொன்னால் மட்டும் போதாது. எவ்வளவு ஏறும், எந்தத் திகதிக்குள் ஏறும் என்பதும் சரியாக வர வேண்டும். விலை ஏறியும் காசு இழந்தவர்கள் நிறையப் பேர் இருப்பது இதனால்தான். தரகுக் கூலியும் ஒவ்வொரு தடவையும் போகும்.

ஆபத்தே இல்லாதவர்கள் வந்து வாங்கி விற்பதையும் சட்டம் அனுமதிக்கிறது என்பது உண்மைதான். எதிர்ப்பக்கம் நிற்க யாராவது இருந்தால்தான் ஆபத்து உள்ளவர் நினைத்த நேரத்தில் வாங்க முடியும். காப்புறுதியில் விதி இதைவிடக் கடுமை. முன்பு இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஒருவரின் உயிர்மேல் காப்புறுதி எடுத்துவிட்டு, அவர் எப்போது சாவார் என்று காத்திருந்தார்கள். 1774இல் சட்டம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த உயிரால் உனக்கு நட்டம் வருமென்றால் மட்டும் காப்புறுதி எடு என்றார்கள். கடதாசி மாறவில்லை, யார் எடுக்கலாம் என்பது மாறியது. ஒப்ஷனுக்கு அப்படி ஒரு விதி இல்லாததால், அந்தக் கேள்வியை நாங்களே எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு எண்ணெய் ஆபத்தும் இல்லை, பங்கு ஆபத்தும் இல்லை. ஆகவே நான் வாங்கப் போவதில்லை, படிக்கத்தான் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா: எனக்கு ஆபத்து இருக்கிறது. படகுக்கு மண்ணெண்ணெய் வாங்குகிறேனே. நான் ஒன்று எடுக்கலாமா?

இதற்குத்தான் நான் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னேன்.

முதலாவது, அளவு பொருந்தாது. உலகச் சந்தையில் மசகு எண்ணெய் ஒப்பந்தம் வழக்கமாக ஆயிரம் பீப்பாயில்தான் வரும். பீப்பாய் 159 லீற்றர். அதாவது ஒரே ஒப்பந்தம் ஒரு இலட்சத்து 59 ஆயிரம் லீற்றர். அப்பாவின் படகு அவ்வளவு குடிக்க எத்தனையோ வருடம் ஆகும். தேவைக்கு மிஞ்சிய அளவுக்கு எடுத்தால், மிஞ்சிய பங்கு முழுக்கப் பந்தயம்தான்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறது. கரையில் எத்தனை இயந்திரம் ஓடாமல் கிடந்தது என்று அவர் இன்றைக்கும் சொல்வார். ஆனால் அந்த வாரங்களில் உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலை ஜூன் மாத உச்சத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே விலை பாய்ந்ததற்குக் காரணம் மானியத்தை நிறுத்தியதும், அந்த ஆண்டு ரூபாய் சரிந்ததும். அப்பா மசகு எண்ணெயில் கோல் ஒப்ஷன் வைத்திருந்தாலும், அது பெரும்பாலும் ஒரு சதமும் தந்திருக்காது. பிரீமியமும் போய், மண்ணெண்ணெய்க்கும் நாலு மடங்கு கொடுத்திருப்பார்.

ஒப்ஷன் எழுதப்பட்ட விலையும் நம்மை அடிக்கிற விலையும் ஒன்றாக அசைந்தால்தான் அது பாதுகாப்பு. படகுக்காரருக்கு அடி விழுவது கொழும்பில் அறிவிக்கும் விலையால். அதற்கு ஒப்ஷன் விற்பவர் யாரும் இல்லை. டொலரில் எண்ணெய் வாங்குகிற இறக்குமதியாளருக்கு உலக விலை நேரே அடிக்கிறது. ஆகவே கோல் ஒப்ஷன் வாங்க வேண்டியவர் அவர்தான். உள்ளூர் விலை உலக விலையைப் பின்தொடரும்வரை, அதன் பலன் பெற்றோல் நிலையம் வழியாகக் கரைக்கும் வரலாம்.

'அப்போ அவர்கள் இந்த முறை பிரீமியத்தைக் காசாகக் கொடுத்து எடுக்கட்டும்' என்றார் அப்பா. அம்மா இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒழுங்கையில் உள்ளவருக்கும் சொல்ல வேண்டும் என்றார்.